குச்சியின் நிழலை வைத்து மரத்தின் உயரத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஒரே நேரத்தில், ஒரே தரையில், நிமிர்ந்து நிற்கும் எல்லாவற்றுக்கும் உயரமும் நிழலும் ஒரே விகிதத்தில்தான் இருக்கும். குச்சியைப் போல ஒன்றரை மடங்கு அதன் நிழல் இருந்தால், பக்கத்தில் நிற்கும் மரத்தின் நிழலும் மரத்தைப் போல ஒன்றரை மடங்குதான். இது போதும், மரம் ஏறாமலே உயரத்தைச் சொல்லிவிடலாம்.

முதலில் நேரம். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டை ஒட்டி இருப்பதால் சூரியன் கிட்டத்தட்ட தலைக்கு நேர் மேலேயே ஏறிவிடும். நம் கடிகாரப்படி அது உச்சிக்கு வருவது பகல் ஒரு மணி வாக்கில். அந்த நேரத்தில் நிழல் மரத்தடியிலேயே சுருண்டு கிடக்கும், அளக்க எதுவும் இருக்காது. காலை 9 மணியிலிருந்து 10 மணிக்குள் போங்கள். மாலையிலும் செய்யலாம், ஆனால் மேகம் கூடி மழை பிடித்துக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

அப்புறம் மரம். முதல் முறைக்குத் தென்னை மாதிரி ஒல்லியாக நிமிர்ந்து நிற்பதாகப் பாருங்கள். ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவின் தட்டையான புல்தரை இதற்கு அருமையான இடம். நிழல் மேட்டில் ஏறினால் குறுகிவிடும், பள்ளத்தில் இறங்கினால் நீண்டுவிடும். நிழல் முழுதும் சமதரையில் விழ வேண்டும்.

சரி, வேலைக்கு வருவோம். மாப் கட்டை ஒன்றில் சரியாக 100 செ.மீ. அளந்து வெட்டிக்கொள்ளுங்கள். நீள டேப் ஒன்றும், நூலில் கட்டிய சாவி ஒன்றும் வேண்டும். மரத்துக்கு அருகே வெயில் விழும் இடத்தில் குச்சியைத் தரையில் நிறுத்தி, ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். நூலைக் குச்சியின் பக்கத்தில் தொங்கவிட்டுப் பாருங்கள். முன்னிருந்து ஒரு தடவை, பக்கவாட்டில் நின்று ஒரு தடவை. இரண்டு பக்கமும் குச்சி நூலோடு ஒட்டி நின்றால்தான் நேராக இருக்கிறது. நிழல் விழும் பக்கம் 5 டிகிரி சாய்ந்தாலே குச்சியின் நிழல் 8 செ.மீ. போல நீண்டுவிடும்.

இப்போது இன்னொருவர் மரத்தின் நிழல் நுனியில் போய் நிற்கட்டும். "இப்போ!" என்றதும் இருவரும் ஒரே நேரத்தில் நிழல் நுனியில் ஒரு கல்லை வைக்க வேண்டும். நான் அழுத்திச் சொல்வது இதைத்தான். காலை 9:20 வாக்கில் ஒரு மீட்டர் குச்சியின் நிழல் நிமிடத்துக்கு ஒன்றரை செ.மீ. போல குறைந்துகொண்டே வரும். கல் வைத்தாகிவிட்டால் அளவை நிதானமாக எடுக்கலாம். மரத்தின் நிழல் நுனி மங்கலாகத்தான் தெரியும். மங்கல் தொடங்கும் இடத்துக்கும் முடியும் இடத்துக்கும் நடுவே கல்லை வையுங்கள்.

குச்சியின் நிழல் 150 செ.மீ. வந்தது என்று வைத்துக்கொள்வோம். மரத்தின் அடியிலிருந்து நுனிக் கல் வரை 24.8 மீட்டர். நிழல் தொடங்குவது தண்டின் நடுவிலிருந்து என்பதால் தண்டின் பாதித் தடிமனையும் கூட்ட வேண்டும். அது 20 செ.மீ. என்றால் மொத்தம் 25 மீட்டர்.

```
25 × 100 ÷ 150 = 16.7 மீட்டர்
```

குச்சியை மட்டும் பத்து நிமிடம் கழித்து அளந்திருந்தால் அதன் நிழல் 137 செ.மீ.க்கு வந்திருக்கும். விடை 18 மீட்டரைத் தாண்டிவிடும்.

அடுத்து, நம் சாலையோரங்களில் குடை விரித்து நிற்கும் தூங்குமூஞ்சி மரம். இதில் பலரும் ஏமாந்துபோவார்கள். தூரத்தில் விழும் நிழல் நுனி மரத்தின் உச்சியுடையது அல்ல, வெளியே நீண்டிருக்கும் கிளையுடையது. தண்டிலிருந்து கிளை நுனி 12 மீட்டர் நீண்டிருக்கிறது, தண்டிலிருந்து நிழல் நுனி 42 மீட்டர் என்றால், மேலே செய்தபடி கணக்குப் போட்டால் 28 மீட்டர் என்று வரும். அது தவறு. நிழல் விழும் பக்கத்தில் கிளை நுனிக்கு நேர் கீழே நின்று, அங்கிருந்து அளக்கத் தொடங்குங்கள். 42-இல் 12 போக 30 மீட்டர். அதை வைத்தால் 20 மீட்டர்தான் வரும். இது அந்தக் கிளையின் உயரம். குடையின் நடு அதைவிடக் கொஞ்சம் உயர்ந்திருக்கலாம்.

எந்த மரமானாலும் சந்தேகம் இருந்தால் அரை மணி நேரம் கழித்து இரண்டு நிழலையும் புதிதாக அளந்து பாருங்கள். வெயில் ஏற ஏற விடையும் ஏறிக்கொண்டே போனால், நீங்கள் அளந்தது உச்சியின் நிழலை அல்ல, ஓரக் கிளையின் நிழலை.