"ஆபத்தைப் பாதியாகக் குறைக்கிறது" என்ற செய்தியைப் பிரித்துப் படிப்பது எப்படி?

இந்த மாத்திரை மாரடைப்பைத் தடுக்கிறது, அந்தப் பழக்கம் ஆயுளைக் கூட்டுகிறது என்று வாரம் ஒரு செய்தியாவது வருகிறது. அவற்றில் பெரும்பாலானவற்றின் பின்னால் இருப்பது அவதானிப்பு ஆய்வு. அதாவது ஆய்வாளர்கள் யாருக்கும் எதையும் கொடுப்பதில்லை. மக்கள் தாமாகச் செய்வதைக் குறித்துக்கொண்டு, பிறகு அவர்களுக்கு என்ன ஆகிறது என்று பார்க்கிறார்கள். இதில் கிடைப்பது தொடர்பு மட்டுமா, காரணமும்தானா என்று படிப்படியாகப் பார்க்கலாம். இந்தத் துறையில் பலத்த அடி வாங்கிய ஒரு கதை இருக்கிறது, அதையே கையில் எடுத்துக்கொள்வோம்.

மாதவிடாய் நின்ற பெண்களுக்குத் தரப்படும் ஹார்மோன் மாத்திரைதான் அந்தக் கதை. அமெரிக்காவில் 1976இல் சுமார் 1,21,700 செவிலியர்களைச் சேர்த்து ஒரு நீண்டகால ஆய்வு தொடங்கியது. பத்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்ததன் முடிவு 1991இல் வெளியானது: ஹார்மோன் எடுத்துக்கொண்டிருந்த பெண்களிடம் கடுமையான இதயநோய், எடுக்காதவர்களிடம் இருந்ததில் ஏறத்தாழ பாதிதான்.

படி 1: தேர்ந்தெடுத்தது யார் என்று பாருங்கள்

செய்தியில் "தடுக்கிறது", "குறைக்கிறது" என்று இருந்தால் அப்படியே விழுங்காதீர்கள். ஆய்வுக்கட்டுரையின் செய்முறைப் பகுதிக்குப் போய் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: மாத்திரை யாருக்கு என்று முடிவுசெய்தது யார்? குலுக்கல் போட்டுப் பிரித்திருந்தால் 'ரேண்டமைஸ்டு' என்ற சொல் கட்டாயம் இருக்கும். 'கோஹார்ட்', 'கேள்வித்தாள்', 'பதிவேடு' போன்றவைதான் கண்ணில் படுகின்றன என்றால் அது அவதானிப்பு ஆய்வு.

அப்படியானால் செய்தியை உங்கள் மனதில் திருத்தி எழுதுங்கள். "ஹார்மோன் மாத்திரை மாரடைப்பைப் பாதியாகக் குறைக்கிறது" என்பது, "ஹார்மோன் மாத்திரை எடுத்த பெண்களிடம் மாரடைப்பு பாதியளவே காணப்பட்டது" என்று மாறும். இரண்டாவது வாக்கியத்தைப் படித்ததும் "அந்தப் பெண்கள் யார்?" என்ற கேள்வி தானாக வரும். முதல் வாக்கியம் அந்தக் கேள்வியை அடைத்துவிடுகிறது.

பழி எப்போதும் பத்திரிகையாளர் மேல் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனின் 20 முன்னணிப் பல்கலைக்கழகங்கள் வெளியிட்ட 462 செய்திக்குறிப்புகளை ஆராய்ந்து 2014இல் ஒரு கட்டுரை வந்தது. மூன்றில் ஒரு பங்கு குறிப்புகளில், காரணம் பற்றிய கூற்று மூல ஆய்வில் இருந்ததைவிட ஊதிப் பெரிதாக்கப்பட்டிருந்தது. பல்கலைக்கழகத்தின் வாசலிலேயே மிகைப்படுத்தல் தொடங்கிவிடுகிறது.

படி 2: எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் வேறு என்ன வித்தியாசம்?

அதிக நேரம் செலவழிக்க வேண்டிய படி இதுதான். நோயின்றி இருக்கும்போதே பல ஆண்டுகளுக்கு ஒரு மாத்திரையைத் தொடர்ந்து எடுப்பவர் எப்படிப்பட்டவர்? மருத்துவரை அடிக்கடி பார்ப்பவர், வசதியும் படிப்பும் உள்ளவர், உடற்பயிற்சி செய்பவர். இது வெறும் ஊகம் இல்லை. 1996இல் வெளியான ஓர் ஆய்வு, பின்னாளில் ஹார்மோன் எடுக்கப்போகும் பெண்களை மாத்திரை தொடங்கும் முன்பே அளந்து பார்த்தது. முதல் மாத்திரையை விழுங்கும் முன்னரே, மற்றவர்களைவிட அவர்கள் இதயநோய் ஆபத்து குறைந்தவர்களாக இருந்தார்கள்.

மாத்திரை எடுப்பதையும் இதயநோயையும் ஒருசேரப் பாதிக்கிற இத்தகைய மூன்றாவது விஷயத்துக்கு கன்ஃபவுண்டர் என்று பெயர். அது எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதைக் கணக்குப் போட்டால்தான் உறைக்கும். பின்வரும் எண்கள் விளக்கத்துக்காக நானே வைத்துக்கொண்டவை.

மாத்திரைக்கு எந்தப் பலனும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். உடற்பயிற்சி செய்பவர்களில் 2% பேருக்கும் செய்யாதவர்களில் 10% பேருக்கும் இதயநோய் வருகிறது. மாத்திரை எடுக்கும் 1000 பேரில் 800 பேர் உடற்பயிற்சி செய்பவர்கள். அவர்களில் 16 பேருக்கும், மீதி 200 பேரில் 20 பேருக்கும் நோய் வருகிறது. மொத்தம் 36. மாத்திரை எடுக்காத 1000 பேரில் 300 பேர்தான் உடற்பயிற்சி செய்பவர்கள். அவர்களில் 6 பேருக்கும், மீதி 700 பேரில் 70 பேருக்கும் நோய். மொத்தம் 76. முப்பத்தாறுக்கு எழுபத்தாறு! ஒன்றுக்கும் உதவாத மாத்திரைக்கு "ஆபத்தைப் பாதியாகக் குறைக்கிறது" என்ற தலைப்பு தயார்.

படி 3: "சரிசெய்துவிட்டோம்" என்றால் எவ்வளவு சரி?

ஆய்வாளர்களுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். அதனால்தான் கட்டுரைகளில் "வயது, புகை, எடை ஆகியவற்றுக்கு ஏற்பச் சரிசெய்த பின்" என்ற வரி வருகிறது. நம் கணக்கிலும் உடற்பயிற்சி செய்பவர்களை மட்டும் தனியாக ஒப்பிட்டால் இரு பக்கமும் 2%. செய்யாதவர்களை ஒப்பிட்டால் இரு பக்கமும் 10%. வித்தியாசம் மறைந்துவிடும். சரிசெய்தல் என்பது அடிப்படையில் இதுதான்.

ஆனால் அது சரியாக அளந்த காரணிக்கு மட்டுமே வேலை செய்யும். உடற்பயிற்சியைக் கேள்வித்தாள் மூலம் கேட்கிறோம், செய்யாதவர்களில் பாதிப் பேர் "செய்கிறேன்" என்று டிக் அடித்துவிடுகிறார்கள் என்று வையுங்கள். இப்போது "உடற்பயிற்சி செய்பவர்" பட்டியலில் மாத்திரை எடுப்பவர்கள் 900 பேர், நோய் வந்தவர் 26, அதாவது சுமார் 2.9%. எடுக்காதவர்கள் 650 பேர், நோய் வந்தவர் 41, சுமார் 6.3%. சரிசெய்த பிறகும் அந்தப் பட்டியலில் "பாதி ஆபத்து" அப்படியே நிற்கிறது.

ஆகவே "பத்துக் காரணிகளுக்குச் சரிசெய்தோம்" என்பதைப் பார்த்ததும் திருப்தி அடைந்துவிட வேண்டாம். அவற்றை எப்படி அளந்தார்கள், பட்டியலில் எது விடுபட்டிருக்கிறது என்று பாருங்கள். கட்டுரையின் முதல் அட்டவணை பெரும்பாலும் இரு குழுக்களின் வயது, எடை, புகைப்பழக்கம் ஆகியவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும். அளந்த விஷயங்களிலேயே பெரிய இடைவெளி இருந்தால், அளக்காத விஷயங்களிலும் இருக்கும் என்று எதிர்பார்க்கலாம்.

படி 4: சம்பந்தமில்லாத விளைவைத் தேடுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இது. மாத்திரை தொடவே முடியாத ஒரு விளைவிலும் அதே "பலன்" தெரிகிறதா என்று பாருங்கள். 1980களில் கலிபோர்னியாவில் நடந்த ஓர் ஆய்விலும் ஹார்மோன் எடுத்த பெண்களிடம் இதயநோய் மரணம் குறைவாக இருந்தது. கூடவே விபத்து, தற்கொலை, கொலை ஆகியவற்றால் நேர்ந்த மரணங்களும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குறைந்திருந்தன. ஹார்மோன் மாத்திரை ஒருவரைக் கொலையாகாமல் காப்பாற்றாது. அப்படியென்றால் அந்த எண் அளந்தது பெரும்பாலும் அந்தப் பெண்களின் வாழ்க்கை நிலையைத்தான். இப்படிப்பட்ட ஒப்பீடு எல்லாக் கட்டுரைகளிலும் இருக்காது. இருந்தால் முதலில் அதைப் படியுங்கள்.

படி 5: எந்த நாளிலிருந்து எண்ணினார்கள்?

எது முதலில் வந்தது என்பது வழக்கமான கேள்வி. நோய் தொடங்கியதால் பழக்கம் மாறியதா என்றும் பார்க்க வேண்டும். ஆனால் இதைவிட நுட்பமான ஒரு சிக்கல் இருக்கிறது. செவிலியர் ஆய்வில் ஒப்பிடப்பட்டவர்கள், அந்தச் சமயத்தில் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள். மாத்திரை தொடங்கிய சில மாதங்களிலேயே மாரடைப்பு வந்தவர்கள், ஆய்வாளர்கள் அடுத்த முறை கேள்வித்தாள் அனுப்புவதற்குள் கணக்கிலிருந்து நழுவிவிடலாம். தாக்குப்பிடித்தவர்கள்தான் "எடுப்பவர்" பட்டியலில் மிஞ்சுவார்கள். ஆரம்பத்தில் வரும் தீங்கு இப்படிக் கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

2008இல் அதே செவிலியர் தரவை எடுத்து, ஒவ்வொருவரும் மாத்திரை தொடங்கிய காலத்திலிருந்தே எண்ணி மறுபடி கணக்கிட்டார்கள். "பாதி ஆபத்து" காணாமல் போனது. முடிவு, அடுத்த படியில் வரும் குலுக்கல் முறை ஆய்வின் முடிவை நெருங்கியது. தரவு அதேதான், எண்ணத் தொடங்கிய நாள்தான் மாறியது.

படி 6: யாராவது குலுக்கல் போட்டுப் பார்த்தார்களா?

குலுக்கல் போட்டால் வசதி, படிப்பு, உடற்பயிற்சி, அளக்காமல் விட்டவை எல்லாமே இரு குழுக்களிலும் ஏறத்தாழ சமமாக விழும். அதனால்தான் அதற்கு இந்த மதிப்பு. ஹார்மோனுக்கு அப்படி ஒரு பெரிய சோதனை நடந்தது. 50 முதல் 79 வயது வரையிலான 16,608 பெண்களில் பாதிப் பேருக்கு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரை, மற்றவர்களுக்கு மருந்தில்லாப் போலி மாத்திரை. 2002 ஜூலையில், திட்டமிட்ட காலத்துக்கு முன்பே அதை நிறுத்தினார்கள். ஆண்டுக்கு 10,000 பெண்களில் இதயநோய் கண்டவர்கள் போலி மாத்திரைக் குழுவில் 30, ஹார்மோன் குழுவில் 37. மார்பகப் புற்றுநோய் 30க்கு 38. இதயத்தைக் காக்கும் என்று சொல்லப்பட்ட மாத்திரை இதயத்தைக் காக்கவில்லை. இடுப்பெலும்பு முறிவு குறைந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

குலுக்கல் முறைக்கும் எல்லை உண்டு. அந்தச் சோதனையில் சேர்ந்த பெண்களின் சராசரி வயது சுமார் 63. மாதவிடாய் நிற்கும் வயதிலேயே மாத்திரை தொடங்கும் பெண்ணுக்கும் இதே எண்கள் பொருந்துமா என்பது தனி விவாதம். கர்ப்பப்பை அகற்றப்பட்டு ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தவர்களுக்கான தனிச் சோதனையில் இதயநோய் தெளிவாகக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆகவே இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்தவோ தொடங்கவோ வேண்டாம், அது மருத்துவரிடம் பேச வேண்டியது.

குலுக்கல் சாத்தியமே இல்லாதபோது

யாரையும் குலுக்கல் போட்டு இருபது ஆண்டுகள் புகைபிடிக்கச் சொல்ல முடியாது. அப்புறம் எப்படிப் புகை நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணம் என்று முடிவுக்கு வந்தார்கள்? பல சான்றுகளை வைத்து, அவற்றில் முக்கியமான ஒன்று தொடர்பின் அளவு. புகைப்பவர்களிடம் அந்த நோய் பத்து மடங்குக்குப் பக்கமாக இருந்தது. இதற்கு வேறொரு மறைந்த காரணம்தான் முழுப் பொறுப்பு என்றால், அந்தக் காரணமும் புகைப்பவர்களிடம் குறைந்தது அதே மடங்கு அதிகமாக இருந்தாக வேண்டும் என்று 1959இல் புள்ளியியலாளர் ஜெரோம் கார்ன்ஃபீல்டும் அவருடைய கூட்டாளிகளும் காட்டினார்கள். அப்படி ஒன்றை யாராலும் காட்ட முடியவில்லை.

இதை நம் கணக்கோடு வைத்துப் பாருங்கள். உடற்பயிற்சியின்மை ஒரு பக்கம் 20%, மறுபக்கம் 70%, அதாவது மூன்றரை மடங்கு. ஆபத்தில் அது உண்டாக்கும் வித்தியாசம் ஐந்து மடங்கு. இவ்வளவு இருந்தும் அது உருவாக்கிய பொய்யான இடைவெளி இரண்டு மடங்குக்குச் சற்று மேல்தான். அடுத்த முறை செய்தியில் "20% குறைவு", "30% அதிகம்" என்று வந்தால், அந்த அளவு இடைவெளியை உண்டாக்க எவ்வளவு சிறிய கன்ஃபவுண்டர் போதும் என்று இதே போல ஒரு தாளில் எண்களைப் போட்டுப் பாருங்கள்.