கடைசி வரிசை ஏன் வேகுது? டிஸ்பிளேஸ்மென்ட் வென்டிலேஷனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரு புதுப் பொறியாளர் விரிவுரை அரங்கின் வரைபடம் ஒன்றைக் கொண்டு வந்து காட்டினார். பல வருஷத்துக்கு முன்னால் நான் செய்த அதே தப்பு, அதே இடத்தில், கோடு கூட அதே மாதிரி! ஃபில்டர் மாற்றுங்கள், சத்தம் பாருங்கள் மாதிரியான விஷயமெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அதை விடுகிறேன்.

முறை எளிது. லேசாகக் குளிர்ந்த காற்றைத் தரையோரம் மெதுவாக விடுகிறோம். அது தண்ணீர் மாதிரி பரவுகிறது, ஆட்களின் உடல் சூட்டில் மேலே எழுகிறது, கூரையோரம் வெளியேறுகிறது. கீழே சுத்தமான காற்று, மேலே சூடான பழைய காற்று. இரண்டும் பிரியும் உயரம்தான் அடுக்கு உயரம். அது உட்கார்ந்திருப்பவரின் தலைக்கு மேலே இருக்க வேண்டும், அவ்வளவுதான் கதை.

அடுக்கு உயரத்தை எந்தத் தரையிலிருந்து அளக்கிறீர்கள்?

இதுதான் என்னை இன்றைக்கும் எரிச்சல் படுத்தும் தவறு. 200 இருக்கை, படிப்படியாக உயரும் அரங்கு. மேடைத் தரைக்கும் கடைசி வரிசைத் தரைக்கும் 2.4 மீட்டர் வித்தியாசம். நான் என்ன செய்தேன்? மேடைப் பக்கச் சுவரின் கீழே காற்று விடும் டிஃப்யூசர்களை வைத்தேன், குறுக்குவெட்டுப் படத்தில் மேடைத் தரையிலிருந்து 1.3 மீட்டரில் ஒரு கோடு போட்டேன், தலைக்கு மேலே இருக்கிறது, சரி என்று கையெழுத்துப் போட்டேன். அந்தக் கோட்டை அப்படியே பின்னால் நீட்டியிருந்தால் அது கடைசி வரிசைக்காரர் காலுக்கும் ஒரு மீட்டருக்கு மேல் கீழே போயிருக்கும். நீட்டவில்லை.

அதோடு இன்னொரு கோளாறு. காற்றளவை வழக்கமான கலக்கும் ஏசிக்குப் போடும் கணக்கில் போட்டிருந்தேன். மொத்தச் சூடு 20 கிலோவாட்: ஆட்கள் தலைக்கு 75 வாட் வீதம் 15, கருவிகள் 1, விளக்கு 2, சுவர் கூரை வழியாக 2. அறை 24 டிகிரி, உள்ளே விடும் சப்ளை காற்று 14 டிகிரி, வித்தியாசம் 10. வந்தது வினாடிக்கு 1,670 லிட்டர், ஆளுக்கு 8.3. அப்புறம்தான் டிஸ்பிளேஸ்மென்ட்டில் 14 டிகிரியைக் காலடியில் விட முடியாது என்று ஞாபகம் வந்து சப்ளையை 19 ஆக்கினேன். காற்றளவைத் திரும்பத் தொடவில்லை. ஆக, வெளியேறும் காற்று 19 உடன் 10 சேர்ந்து 29 டிகிரி.

முதல் நாள் அரங்கு நிறைந்தது. பின் மூன்று வரிசை வெந்தது. உடனே கை போனது தெர்மோஸ்டாட்டுக்குத்தான், சப்ளையை 17 ஆக்கினேன். பின்னால் 29 என்பது 27 ஆனது, அவ்வளவுதான். முன் வரிசைப் பெண்கள் துப்பட்டாவைக் காலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பின் வரிசையில் தூக்கம் மட்டும் போகவில்லை, ஏனென்றால் வெப்பநிலையைக் குறைத்தால் கரியமில வாயு ஒரு பிபிஎம் கூடக் குறையாது. ஆளுக்கு 8.3 லிட்டர், முழுக்க வெளிக்காற்று என்றாலும், வெளியேறும் காற்றில் அது வெளியே இருப்பதைவிட ஏறத்தாழ 600 பிபிஎம் அதிகமாக இருக்கும். பின் வரிசை மூச்சு விட்டது அந்தக் காற்றைத்தான்.

எப்படிக் கண்டுபிடிப்பது? கடைசி வரிசையில் தலை உயரத்தில் ஒரு கரியமில வாயு மீட்டர், வெளியேறும் கிரில்லில் இன்னொன்று. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே எண் காட்டினால் அந்த வரிசை அடுக்குக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஐந்து நிமிஷ வேலை. நான் இரண்டு மாதம் தெர்மோஸ்டாட்டோடு மல்லுக்கட்டிய பிறகுதான் இதைச் செய்தேன்.

குளிர்ந்த காற்று படியேறாது, இறங்கும். அதனால் மேடையிலிருந்து மேலே அனுப்பலாம் என்ற நினைப்பே தப்பு. சப்ளை ஒவ்வொரு இருக்கைக்கும் கீழே, படியின் நிமிர்ந்த முகத்தில் வர வேண்டும். அளவுக்கு ஒரு கைக்கணக்கு: உட்கார்ந்திருக்கும் ஒருவரின் உடல் சூடு 1.1 மீட்டர் உயரத்தில் வினாடிக்கு 8 முதல் 10 லிட்டர் காற்றை மேலே இழுக்கும். அவர் காலடியில் அதைவிடக் குறைவாகக் கொடுத்தால் மிச்சத்தை மேல் அடுக்கிலிருந்து இழுத்துக்கொள்ளும், அடுக்கு மூக்குக்குக் கீழே இறங்கிவிடும். என் 8.3 சரியாக அந்த விளிம்பில் நின்றது, அதுவும் முன்னால் மட்டும் கொட்டியது.

திருப்பிப் போட்ட கணக்கு

டிஸ்பிளேஸ்மென்ட்டில் எல்லாச் சூடும் ஆட்கள் இருக்கும் உயரத்தில் சேர்வதில்லை. கணுக்காலுக்கும் தலைக்கும் நடுவில் சேர்வது, ஆட்களும் கருவிகளும் தரும் சூட்டில் சுமார் 30 சதவீதம், விளக்குச் சூட்டில் 13, சுவர் கூரைச் சூட்டில் 18 அல்லது 19. நம் அரங்குக்கு அது 5.4 கிலோவாட்டுக்குக் கொஞ்சம் குறைவு. கணுக்காலுக்கும் தலைக்கும் 3 டிகிரிதான் பொதுவான வரம்பு, நான் 2 வைத்துக்கொள்வேன். அப்போது தேவை வினாடிக்கு சுமார் 2,230 லிட்டர், ஆளுக்கு 11. சப்ளையிலிருந்து வெளியேறும் வரை காற்றின் மொத்த ஏற்றம் 7.5 டிகிரி.

வரிசைகளுக்குச் சமமாகப் பங்கு போடாதீர்கள். மேலே விட்டதில் ஒரு பகுதி படி வழியாகக் கீழே வழிந்து முன் வரிசையில் தேங்கும். மேல் வரிசைகளுக்குக் கொஞ்சம் கூட்டி, முன்னால் கொஞ்சம் குறையுங்கள்.

பாதி விதியை நம்பி சப்ளையைக் குறைப்பது

மொத்த ஏற்றத்தில் பாதி தரையோரமே நடந்துவிடும் என்று ஒரு விதி சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆட்கள் குறைவாக இருக்கும் அலுவலகத்துக்கு அது ஓரளவு பொருந்தும். 200 சதுர மீட்டரில் 200 பேரை அடைத்து, சதுர மீட்டருக்கு 11 லிட்டர் விடும் இடத்தில் தரை அவ்வளவு காற்றைச் சூடாக்க முடியாது, கால் பங்கு கூட வராது. தலையில் 24, கணுக்காலில் 22 வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதி விதிப்படி சப்ளை 18.2 வரும். உண்மையில் தரையோர ஏற்றம் 1.5 டிகிரி அளவுதான், ஆகவே சப்ளை 20.5. 18.2-ல் விட்டால் கணுக்காலில் 20-க்கும் கீழே. இருக்கைக்கு அடியிலிருந்து வரும் காற்றில் 19-க்குக் கீழே நான் போவதே இல்லை, காலருகே வேகமும் வினாடிக்கு 0.2 மீட்டரைத் தாண்ட விடுவதில்லை.

ஈரப்பதம் எடுக்க ஏசியின் குளிர்விக்கும் காயிலில் காற்றை 13 டிகிரிக்கு இறக்கத்தான் வேண்டும் என்பார்கள். இறக்குங்கள், ஆனால் அங்கேயிருந்து 20-க்கு ஏற்றும் வழியையும் சேர்த்து வரையுங்கள். திரும்பும் காற்றில் கொஞ்சம் காயிலைச் சுற்றிப் போய்க் கலக்கலாம், அல்லது வெப்ப மீட்புச் சுருள் வைக்கலாம்.

காலி அரங்கில் சோதனை

ஆள் இல்லையென்றால் மேலே இழுக்க எதுவும் இல்லை, காற்று தரையில் குளமாகக் கிடக்கும். ஆளுக்குப் பதிலாக இருக்கைக்கு ஒரு 75 வாட் பல்பைத் தகர டப்பாவுக்குள் வைத்து எரியவிட்டுப் பாருங்கள்.

படிக்கு அடியில் இருக்கும் பிளீனம்

காற்றைத் தேக்கி இருக்கைகளுக்குப் பகிரும் அந்த அறையின் ஓட்டையை அடைத்துவிடுங்கள். என் அரங்கில் கேபிள் துளை வழியாக மட்டும் ஒரு வரிசைக்கான காற்று போய்க்கொண்டிருந்தது.

இதே டிஃப்யூசரில் ஹீட்டிங்

வேண்டாம். சூடான காற்று நேராகக் கூரைக்குப் போய்விடும்.

வெளியேறும் கிரில்

கடைசி வரிசைக்கு மேலே, கூரையின் உச்சியில்.