கிரில் கேட்டுக்குப் பெயிண்ட் வாங்கும்போது இரண்டு பக்கம் கணக்குப் போடாதீர்கள்

கம்பி கிரில் கேட்டுக்குப் பெயிண்ட் கணக்கிட, நீளம் × உயரம் ஒரு முறை போட்டால் போதும். முன், பின் எல்லாமே அதில் அடங்கிவிடும்.

4 அடிக்கு 4 அடி ஜன்னல் கிரில்லைப் பாருங்கள். 12 மி.மீ. சதுரக் கம்பி, 4 அங்குல இடைவெளி என்றால் மொத்தக் கம்பி சுமார் 68 அடி. ஓர் அடிக் கம்பியின் நாலு முகமும் சேர்ந்து 0.16 சதுர அடிதான். ஆக, பூச வேண்டியது 11 சதுர அடி. நம் கணக்கு 16. மிச்சம், பிரஷ்ஷில் சொட்டி வீணாவதற்குச் சரியாக இருக்கும்.

10க்கு 5 அடி கேட் 50 சதுர அடி. லிட்டருக்கு ஒரு கோட் சுமார் 100 சதுர அடி வரும். அதனால் ரெட் ஆக்சைடு பிரைமர் அரை லிட்டர், எனாமல் இரண்டு கோட்டுக்கு ஒரு லிட்டர் போதும்.

தகடு அடித்த பகுதிக்கு இது பொருந்தாது, அங்கே இரண்டு பக்கமும் கணக்கிட வேண்டும். நெருக்கமான பூவேலை கிரில்லுக்கும், ஸ்ப்ரே அடிப்பதற்கும் கூடுதலாகவே பிடிக்கும். கம்பி இடுக்கில் பாதி காற்றோடு போய்விடும்.