97 நிமிடம் காட்டிய வருகைப் பட்டியல்

ஒரு மணி நேர ஆன்லைன் வகுப்பு. பங்கேற்பாளர் அறிக்கையின் ஸ்கிரீன்ஷாட் மட்டுமே கையில் இருந்தது. கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்து எழுத்துகளை எடுத்தேன். நெடுவரிசைகள் கலைந்து வந்தன. படத்தோடு ஒப்பிட்டு ஷீட்டில் அடுக்கினேன். A-யில் பெயர், D-யில் நிமிடங்கள், F2-இல் தேடும் பெயர். ஒருவர் பெயர் பல வரிசைகளில் வந்தால் அந்த நிமிடங்களைக் கூட்ட இந்தச் சூத்திரம்:

```
=SUMIF(A:A,F2,D:D)
```

ஒரு மாணவிக்கு 97 நிமிடம் வந்தது! அறுபது நிமிட வகுப்பில் அது எப்படி முடியும்? லேப்டாப்பில் 7:00 முதல் 7:55 வரை, போனில் 7:10 முதல் 7:52 வரை இருந்திருக்கிறார். போன் நேரம் முழுவதும் லேப்டாப் நேரத்துக்குள் அடங்குவதால் சரியான கணக்கு 55. இணைப்பு அறுந்து மறுபடி வந்தவர்களுக்குத்தான் கூட்டல் பொருந்தும். அதனால் இப்போது கூட்டுவதற்கு முன், ஒரே பெயரின் வரிசைகளில் நேரம் மோதுகிறதா என்று பார்த்துவிடுகிறேன்.