மூலைகள் ஏன் பளிச்சிடுகின்றன? டார்க், ஃபிளாட் எடுப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் மொட்டை மாடியில் தொலைநோக்கி வைத்துப் படம் எடுக்கும் இளைஞர்கள் இப்போது பெருகியிருக்கிறார்கள். நாங்கள் தொடங்கிய காலத்தில் செய்த பிழைகளே அவர்களுடைய படங்களிலும் வரிசை மாறாமல் வருகின்றன. பேட்டரி தீர்ந்துபோவது, மூடியைக் கழற்ற மறப்பது போன்றவற்றை நான் எழுதப்போவதில்லை. அவை ஓர் இரவிலேயே திருந்திவிடும்.

சென்சாரில் எல்லாப் பிக்சல்களும் ஒன்றுபோல் இருப்பதில்லை. சில பிக்சல்கள் முழு இருட்டிலும் எண் காட்டும்; அதிகமாகக் காட்டுபவைதான் ஹாட் பிக்சல்கள். சில, ஒரே அளவு ஒளி விழுந்தாலும் குறைவாகவே பதிவு செய்யும். இருட்டில் சேரும் எண்ணைக் கழித்தால் போகும். குறைவாகப் பதிவாவதை வகுத்தால்தான் சரியாகும். மூடியைப் போட்டுக்கொண்டு எடுக்கும் டார்க் கழிப்பதற்கு. சீராக ஒளிரும் பரப்பை எடுக்கும் ஃபிளாட் வகுப்பதற்கு. லென்ஸின் மூலை மங்கலும் தூசியின் நிழலும் வகுத்தலில்தான் போகும்.

டார்க் இல்லாமல் ஃபிளாட்டை மட்டும் போடுவது

எனக்கு இன்றும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். திருவொற்றியூர்த் தம்பி ஒருவர் ஓரியன் நெபுலாவை எடுத்துக்கொண்டு வந்தார். படத்தின் நடுப்பகுதி கறுத்து, நான்கு மூலைகளும் வெளிறி நின்றன. தூசி நிழல் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை வளையம் இருந்தது. "அண்ணா, லென்ஸில்தான் கோளாறு. கடையில் சொன்னார்கள், புது கரெக்டர் வாங்கிவிட்டேன்" என்றார். புது கரெக்டர் போட்டும் வளையம் போகவில்லை. டார்க் எடுத்தீர்களா என்று கேட்டேன். "கேமரா புதிது அண்ணா, ஹாட் பிக்சலே இல்லை. எதற்கு டார்க்?" என்றார்.

டார்க் என்பது ஹாட் பிக்சலைத் துடைக்க மட்டும்தான் என்ற எண்ணம் பரவிக் கிடக்கிறது. அதைவிடப் பெரிய வேலை ஒன்று அதற்கு உண்டு. சென்சாரைப் படிக்கும்போது வரும் இரைச்சல் மேலும் கீழும் ஆடும். எண் பூஜ்யத்துக்குக் கீழே போய் வெட்டுப்படாமலிருக்க, கேமரா ஒவ்வொரு பிக்சலிலும் ஒரு நிலையான எண்ணைக் கூட்டிவைக்கிறது. பல கேனான் கேமராக்களின் 14 பிட் கோப்பில் அது 2048. வானத்திலிருந்து வராத இந்த எண் டார்க்கிலும் அப்படியே இருக்கிறது. அதனால் டார்க்கைக் கழித்தால் இதுவும் சேர்ந்து போய்விடும். கழிக்காமல் வகுத்தால், ஒளியே இல்லாத இந்த 2048ஐயும் ஃபிளாட் ஒளி என்று எடுத்துக்கொண்டு மூலைகளில் பெருக்கிவிடும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூலைக்கு நடுவின் ஒளியில் 70 சதவீதம்தான் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வானத்தின் வெளிச்சம் நடுவில் 1000, மூலையில் 700. கோப்பில் பதிவாவது 3048, 2748. ஃபிளாட்டில் ஒளி நடுவில் 8000, மூலையில் 5600. கோப்பில் 10048, 7648.

இரண்டிலும் 2048ஐக் கழித்துவிட்டு வகுத்தால் 700ஐ 0.7ஆல் வகுக்கிறோம், 1000 வருகிறது. மூலையும் நடுவும் ஒன்றாகிவிட்டன. ஃபிளாட்டில் மட்டும் கழித்து, படத்தில் கழிக்காமல் விட்டால் 2748ஐ 0.7ஆல் வகுத்து ஏறத்தாழ 3926 வரும். அதிலிருந்து அப்புறம் 2048ஐக் கழித்தாலும் 1878 மிஞ்சுகிறது. நடுவில் 1000, மூலையில் 1878. தம்பியின் படத்தில் இருந்தது இதுதான். தூசி நிழல் வெள்ளை வளையமாக மாறியதும் இதே காரணத்தால்தான்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. படத்தில் டார்க்கைக் கழித்துவிட்டு, ஃபிளாட்டில் கழிக்காமல் விட்டால் விகிதம் 0.7க்குப் பதிலாக 0.76 ஆகிவிடும். அப்போது மூலையில் 920தான் வரும், மங்கல் எட்டு சதவீதம் தங்கிவிடும். ஆகவே படத்தைப் பார்த்தே சொல்லலாம்: மூலை வெளிறினால் படத்தில் கழிக்கவில்லை; மூலை இன்னும் கறுத்திருந்தால் ஃபிளாட்டில் கழிக்கவில்லை. ஃபிளாட் மங்கலாக எடுக்கப்பட்டிருந்தால் இரண்டாவது பிழை இன்னும் பெரிதாகத் தெரியும்.

```
(light - dark) / (flat - flatdark) * mean(flat - flatdark)
```

`light` என்பது வானத்தை எடுத்த படம். `flatdark` என்பது ஃபிளாட்டுக்கு வைத்த அதே எக்ஸ்போஷரில் மூடியோடு எடுப்பது. ஃபிளாட் ஒரு வினாடிக்குள் முடிந்தால், மூடியோடு மிகக் குறைந்த எக்ஸ்போஷரில் எடுத்த பயஸே போதும். அந்தத் தம்பியின் பழைய கோப்புகளில் பயஸை மட்டும் கழித்து, மீண்டும் வகுத்துக் காட்டினேன். வளையம் போய்விட்டது, மூலைகளும் சமமாயின. வாங்கிய கரெக்டர் பெட்டிக்கே திரும்பிவிட்டது.

டார்க்கில் அடங்கிய பயஸை மறுபடியும் கழிப்பது

டார்க்கைக் கழிக்கும்போதே பயஸும் சேர்ந்து போய்விடும். ஒருமுறை போதும்.

மறுநாள் ஏசி அறையில் டார்க் எடுப்பது

குளிர்விப்பு இல்லாத கேமராவில், இருட்டிலும் எண்ணைச் சேர்க்கும் இருட்டு மின்னோட்டம், சென்சாரின் வெப்பம் ஏறத்தாழ ஆறு டிகிரி கூடினாலே இரட்டிப்பாகிவிடும். மே மாத இரவில் நம் மாடியில் காற்றே முப்பது டிகிரியை ஒட்டி இருக்கும். தொடர்ந்து படமெடுக்கும் சென்சார் அதைவிடச் சூடாக இருக்கும். 24 டிகிரி அறையில் எடுத்த டார்க் அந்த இரவுக்குப் பாதி அளவுக்குக்கூடப் பொருந்தாது. டார்க் குளிர்ந்ததாக இருந்தால் ஹாட் பிக்சல்கள் வெள்ளைப் புள்ளிகளாகத் தங்கும். சூடானதாக இருந்தால் அதே இடங்களில் கறுப்புக் குழிகள் விழும். இரண்டு வகையும் ஒரே படத்தில் கலந்திருந்தால், இரவு நகர நகர வெப்பம் மாறியிருக்கிறது என்று பொருள்.

படம் முடிந்தவுடன் அதே மாடியில், அதே எக்ஸ்போஷர், அதே ஐஎஸ்ஓ வைத்து, மூடியைப் போட்டு இருபது முப்பது எடுங்கள். நடுவிலும் சிறிது எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது. ஒற்றை டார்க்கைக் கழிப்பது உதவாது. அதன் இரைச்சலும் படத்தில் ஏறிவிடும்.

கேமராவைக் கழற்றி மாட்டியபின் ஃபிளாட் எடுப்பது

தூசி இடம் மாறியிருக்கும். எண்ணூர்ப் பக்கத்துச் சாம்பல் தூசி நம் மாடிகளில் என்றும் உண்டு. ஃபோகஸையும் தொடாதீர்கள்.

எல்.இ.டி. பலகையில் அவசரமாக எடுப்பது

பலகையின் ஒளியைக் குறைத்துவைத்து ஆயிரத்தில் ஒரு வினாடியில் எடுத்தால், அதன் துடிப்பு ஃபிளாட்டில் கிடைக்கோடுகளாகப் பதியும். அந்தக் கோடுகளை நாமே நம் படத்தில் வகுத்து ஏற்றுகிறோம். பலகையின் மேல் வெள்ளைத் தாள்களை அடுக்கி, எக்ஸ்போஷரை ஒரு வினாடி அளவுக்குக் கொண்டுவாருங்கள். நடுப்பகுதி உச்ச அளவின் பாதியைச் சுற்றி நின்றால் போதும், எந்த நிறமும் உச்சத்தை முட்டக் கூடாது. அந்தி வானத்தில் எடுப்பதும் நல்ல வழிதான். ஆனால் நம் ஊரில் சூரியன் செங்குத்தாக இறங்குவதால் வெளிச்சம் சட்டென்று மறைந்துவிடும். முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும்.

துறைமுக வெளிச்சத்தை ஃபிளாட் சரிசெய்யும் என்று நம்புவது

தண்டையார்பேட்டையிலிருந்து தெற்கே பார்த்தால் துறைமுகமும் நகரமும் சேர்ந்து வானத்தின் ஒரு பக்கத்தை வெளிறச் செய்கின்றன. இது படத்தில் கூடியிருக்கும் ஒளி, சென்சாரின் குறையல்ல. வகுத்தால் போகாது. இதைப் போக்க ஃபிளாட்டையே திருத்தி வளைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்தால் நட்சத்திரங்களின் ஒளி அளவும் கெட்டுவிடும். முதலில் டார்க், ஃபிளாட் வேலையை முடித்து, மூலையில் வளையமோ நிழலோ இல்லை என்று உறுதிசெய்யுங்கள். மிஞ்சியிருக்கும் சாய்வை அதன்பின் Siril மென்பொருளில் Background Extraction கொண்டு கழித்துவிடலாம்.