ஆய்வுச்சுருக்கத்தில் கத்தி வைக்கக் கூடாத இடம்: 137 சொல்லை 100-க்குள் அடக்கும்போது நேரும் தவறுகள்

ஆய்வுச்சுருக்கத்துக்கு இதழ்கள் வைக்கும் வரம்பு ஒன்றுபோல் இருப்பதில்லை. சயின்ஸ் இதழ் 125 சொற்களோடு நிறுத்தச் சொல்கிறது, பிளாஸ் ஒன் 300 வரை விடுகிறது. வரம்பு எதுவானாலும் எழுதியது நீண்டுவிட்டால் பலரும் செய்வது ஒன்றுதான்: முன்னுரையைத் தொடாமல் முடிவுகளில் கை வைக்கிறார்கள். எண்கள் முதலில் போகின்றன, பிறகு ஒப்பீடு போகிறது. கடைசியில் 'டெல்டா நம் நெற்களஞ்சியம்' என்பது போன்ற முன்னுரை வரி மட்டும் மிஞ்சுகிறது.

டெல்டாவில் அடிக்கடி எழுதப்படும் வகை ஆய்வு ஒன்றையே எடுத்துக்கொள்வோம். குறுவை நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விடும் சோதனை அது. துளையிட்ட குழாயை வயலில் பதித்து, அதற்குள் நீர்மட்டம் மண்பரப்புக்குக் கீழே குறிப்பிட்ட அளவு, இங்கே 15 அல்லது 20 செ.மீ., இறங்கிய பிறகே மறுபடி பாய்ச்சுவார்கள். கீழே வரும் விளைச்சல், நீர் அளவுகள் எல்லாம் எடுத்துக்காட்டுக்காக நாங்கள் வைத்துக்கொண்டவை, எந்தச் சோதனையின் முடிவும் அல்ல. தமிழ்ச் சுருக்கத்துக்கு வரம்பு 100 சொற்கள். முதல் வரைவு 137.

அந்த வரைவின் தொடக்கம் இது:

"காவிரி டெல்டா தமிழகத்தின் நெற்களஞ்சியம் என்று தொன்றுதொட்டு அழைக்கப்பட்டு வருகிறது. நெல் சாகுபடிக்கு நீர் மிகவும் இன்றியமையாதது என்பது அனைவரும் அறிந்ததே. அண்மைக் காலங்களில் மேட்டூர் அணையிலிருந்து நீர் திறப்பதில் ஏற்படும் தாமதம் காரணமாகக் குறுவைப் பருவத்தில் நீர்ப் பற்றாக்குறை ஏற்பட்டு வருகிறது. எனவே இந்நிலையைக் கருத்தில் கொண்டு நீர்ச் சிக்கனப் பாசன முறைகளை ஆராய்வதே இந்த ஆய்வின் முதன்மை நோக்கமாகும்."

இதுவரை 44 சொற்கள். வேளாண் இதழைத் திறப்பவருக்கு இதில் தெரியாதது எதுவும் இல்லை. அடுத்து வரும் செய்முறை 42 சொற்கள், முடிவுகள் 34, பரிந்துரை 17. குறைக்க வேண்டியது 37.

தவறான வெட்டு

முடிவுப் பகுதியில் இருந்த 34 சொற்களை எடுத்துவிட்டு இந்த ஒரு வரியை வைப்பதுதான் வழக்கமாக நடப்பது: "15 செ.மீ. முறையில் பாசன நீர் குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது, விளைச்சல் பாதிக்கப்படவில்லை." பத்தே சொற்கள். 24 மிச்சம். ஆனால் இதில் மூன்று கோளாறுகள் இருக்கின்றன.

'குறிப்பிடத்தக்க அளவு' என்றால் எவ்வளவு என்று தெரியாது. ஐந்து விழுக்காடும் குறிப்பிடத்தக்கதுதான், ஐம்பதும் அப்படித்தான். போதாக்குறைக்கு, புள்ளியியல் சோதனையில் வேறுபாடு உறுதியானதைச் சொல்லவும் பலர் இதே சொல்லைக் கையாள்கிறார்கள். எழுதியவர் எந்தப் பொருளில் சொல்கிறார் என்று படிப்பவர் ஊகிக்க வேண்டியிருக்கிறது.

'விளைச்சல் பாதிக்கப்படவில்லை' என்பது அதைவிட மோசம். சோதனை காட்டியது அதுவல்ல. வற்றவிடாமல் தொடர்ந்து நீர் நிறுத்திய வயலில் எக்டருக்கு 5.6 டன், 15 செ.மீ. முறையில் 5.5 டன். அந்த இடைவெளி புள்ளியியல்படி உறுதிப்படவில்லை, அவ்வளவுதான். வேறுபாட்டைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்பதும் வேறுபாடே இல்லை என்பதும் ஒன்றல்ல. மறுசெய்கை குறைவாக உள்ள சோதனையில் உண்மையான இழப்புகூடக் கண்ணில் படாமல் போகலாம். மதிப்பாய்வாளர் முதலில் சுழிப்பது இந்தச் சொல்லைத்தான்.

மூன்றாவது, 20 செ.மீ. முறை அடியோடு காணாமல் போனது. அங்கே விளைச்சல் 4.9 டன்னுக்கு இறங்கியிருந்தது. எங்கே நிறுத்த வேண்டும் என்பதைச் சொல்வது அந்த எண்தான். சாதகமான முடிவை வைத்துக்கொண்டு பாதகமானதை இடப்பற்றாக்குறை என்று தள்ளினால், படிப்பவர் அதை இடப்பற்றாக்குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

எங்கே வெட்டலாம்

தொடக்கத்தின் 44 சொற்களில் இந்த ஆய்வுக்கு மட்டும் உரியது ஒரே ஒரு செய்திதான்: மேட்டூர் நீர் பிந்தினால் குறுவைக்கு நீர் போதாது. அதை ஒன்பது சொற்களில் சொல்லலாம். நோக்க வாக்கியத்தைத் தனியே வைக்கத் தேவையில்லை, எதை எதனோடு ஒப்பிட்டோம் என்று சொல்லும்போதே நோக்கம் தெரிந்துவிடும். 35 சொற்கள் இங்கேயே போயின. 'காய்ச்சலும் பாய்ச்சலும்' என்ற பெயர் கட்டுரைத் தலைப்பில் இருப்பதால் சுருக்கத்தில் அதை விளக்க வேண்டியதில்லை. தலைப்பில் இடமில்லாவிட்டால் திறவுச்சொற்களில் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் தேடுகிறவர் கையில் கட்டுரை சிக்காது.

செய்முறை இப்படி இருந்தது: "இந்த ஆய்வானது தஞ்சாவூர் மாவட்டத்தில் உள்ள வண்டல் மண் வயலில் இரண்டு ஆண்டுகள் குறுவைப் பருவத்தில் ஆடுதுறை 43 நெல் இரகத்தைக் கொண்டு மேற்கொள்ளப்பட்டது. வயலில் பதித்த குழாயில் நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 செ.மீ. மற்றும் 20 செ.மீ. இறங்கியபின் நீர் பாய்ச்சும் முறைகள், எப்போதும் 5 செ.மீ. நீர் நிறுத்தும் வழக்கமான முறையுடன் ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டன."

இங்கே செய்தி எதையும் எடுக்க வேண்டாம், சுமையை இறக்கினால் போதும். 'இந்த ஆய்வானது... மேற்கொள்ளப்பட்டது' என்பது வாக்கியத்தைத் தாங்கும் மூங்கில் சாரம் மட்டுமே. இரண்டு வாக்கியங்களையும் ஒரே வினையில் முடித்தால் சாரத்தைப் பிரித்துவிடலாம். 'ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டன' என்பது 'ஒப்பிட்டோம்' ஆகும். தன்மைப் பன்மை வேண்டாம் என்று சொல்லும் இதழுக்கு 'ஒப்பிடப்பட்டது' என்று எழுதினாலும் ஒரே சொல்தான். 42 இப்படி 28 ஆகிறது.

பரிந்துரையில் வேறு சிக்கல். "மேற்கண்ட முடிவுகளின் அடிப்படையில் நீர் சேமிப்பு முறைகள் டெல்டா விவசாயிகள் அனைவருக்கும் பெரிதும் பயனளிக்கும் என்பதால் இவற்றைப் பின்பற்றுமாறு இவ்வாய்வின் வாயிலாகப் பரிந்துரைக்கப்படுகிறது." நீளத்தைவிடப் பொருள்தான் இங்கே தவறு. 'முறைகள்' என்று பன்மையில் சொன்னதால், விளைச்சலைக் குறைத்த 20 செ.மீ. முறையும் பரிந்துரைக்குள் வந்துவிட்டது. வண்டல் வயலில் செய்த சோதனையை வைத்துக்கொண்டு, நீர் வேகமாக இறங்கும் மணற்பாங்கான நிலத்துக்காரருக்கும் அறிவுரை சொல்கிறது. இதைச் சுருக்குவது போதாது, மாற்றி எழுத வேண்டும்.

முடிவுகளின் 34 சொற்களை அப்படியே விட்டுவிட்டோம். இப்போது மொத்தம் 85. வரம்புக்குள் இடம் மிஞ்சியதால், வரைவில் விடுபட்டிருந்த சோதனை அமைப்பை ஐந்து சொற்களில் சேர்த்தோம்:

"மேட்டூர் நீர் தாமதமாகும் ஆண்டுகளில் குறுவை நெல்லுக்குப் பாசன நீர் போதுவதில்லை. தஞ்சாவூர் மாவட்ட வண்டல் வயலில் சமவாய்ப்புத் தொகுதி அமைப்பில் நான்கு மறுசெய்கைகளுடன் ஆடுதுறை 43 இரகத்தை இரண்டு குறுவைப் பருவங்களில் பயிரிட்டு, வயல் குழாயில் நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 அல்லது 20 செ.மீ. இறங்கியபின் பாய்ச்சுவதை, தொடர்ந்து 5 செ.மீ. நீர் நிறுத்துவதுடன் ஒப்பிட்டோம். 15 செ.மீ. முறையில் பாசன நீர் 1,240 மி.மீட்டரிலிருந்து 940 மி.மீட்டராகக் குறைந்தது, விளைச்சல் எக்டருக்கு 5.5 டன், தொடர்ந்து நீர் நிறுத்திய வயலில் 5.6 டன், வேறுபாடு புள்ளியியல்படி பொருளுடையதன்று. 20 செ.மீ. முறையில் நீர் 860 மி.மீட்டராகக் குறைந்தாலும் விளைச்சல் 4.9 டன்னாகச் சரிந்தது. ஆகவே இத்தகைய வண்டல் வயல்களில் குறுவைக்கு 15 செ.மீ. வரை இறங்கவிட்டுப் பாய்ச்சலாம். மணற்பாங்கான வயல்களில் இது சோதிக்கப்படவில்லை."

90 சொற்கள். நீர்ச் சேமிப்பை '24 விழுக்காடு' என்று சொல்லி இன்னும் சிலவற்றை மிச்சப்படுத்தலாம்தான். ஆனால் 1,240-ம் 940-ம் இருந்தால் விழுக்காட்டை யாரும் கணக்கிட்டுக்கொள்வார்கள். விழுக்காட்டை மட்டும் கொடுத்தால் வயலுக்கு எவ்வளவு நீர் விட்டோம் என்பதை யாராலும் மீட்க முடியாது.

சொல்லை ஒட்டுவது, சொல்லை எண்ணுவது

தமிழில் மட்டும் ஒரு குறுக்குவழி உண்டு, இடைவெளியை விழுங்கிவிடுவது. 'வண்டல்மண்வயலில்', 'குறுவைப்பருவநெல்' என்று ஒட்டினால் எண்ணிக்கை இறங்கும். பதிப்பாசிரியர் மெய்ப்பில் பிரித்ததும் மறுபடி ஏறும். அப்போது எதை வெட்டுவது என்று தீர்மானிப்பது நீங்களாக இருக்காது. எண்ணையும் அலகையும் ஒட்டி '15செ.மீ.' என்று எழுதுவதும் இதே கதைதான், எண்ணுக்கும் அலகுக்கும் நடுவே இடைவெளி விடுவதே முறை. மறுபக்கம், சேர்த்து எழுத வேண்டியதைப் பிரித்து எழுதி வீணாகச் சொல் இழப்பவர்களும் இருக்கிறார்கள். 'பயன் படுத்தப் பட்டது' என்று மூன்றாக எண்ணப்படுவது சரியாக எழுதினால் ஒரே சொல். வெட்டத் தொடங்கும் முன் இவற்றைத் திருத்திவிட வேண்டும்.

பத்துச் சொல் ஏன் மிச்சம் வைத்தோம் என்றால், எல்லாக் கணக்கியும் ஒன்றுபோல் எண்ணுவதில்லை. வேர்ட் இடைவெளியைப் பார்த்து எண்ணும். எழுத்துகளுக்கு நடுவே வரும் புள்ளியில் உடைக்கும் கணக்கியில் 'செ.மீ.' இரண்டாகிவிடும். நம் சுருக்கத்தில் அது ஐந்து முறை வருகிறது, 'மி.மீட்டர்' மூன்று முறை. எட்டும் சேர்ந்தால் 98. தமிழை நினைத்துப் பாராமல் எழுதிய நிரலானால் இன்னும் விபரீதம். பைத்தானில் பாருங்கள்:

```python
import re
s = "தஞ்சாவூர்"
len(s.split())          # 1
re.findall(r"\w+", s)   # ['தஞ', 'ச', 'வ', 'ர']
len(s)                  # 9
```

இடைவெளியால் பிரித்தால் தஞ்சாவூர் ஒரு சொல். `\w+` கொண்டு தேடினால் நான்கு, ஏனென்றால் புள்ளியையும் துணைக்கால் போன்ற உயிர்க்குறிகளையும் அது எழுத்தாக ஏற்பதில்லை. மூன்றாவது வரி எழுத்துவரம்பு வைக்கும் மாநாடுகளுக்கானது. நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து, ஒருங்குறிக் கணக்கில் ஒன்பது. 2,000 எழுத்து என்று வரம்பு சொன்னால், தமிழில் எவ்வளவு கொள்ளும் என்பதைச் சமர்ப்பிக்கும் பெட்டியிலேயே ஒட்டிப் பார்த்துவிடுவது நல்லது. கடைசி நாள் இரவுக்கு அதை வைத்துக்கொள்ள வேண்டாம். திறவுச்சொற்களும் 'நோக்கம்', 'முறை' போன்ற உள்தலைப்புகளும் கணக்கில் சேருமா என்பதையும் அதே சமயத்தில் இதழின் நெறிமுறைப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

வெட்டி முடித்தபின் சுருக்கத்தின் எண்களை ஒவ்வொன்றாகக் கட்டுரையின் அட்டவணையில் விரல் வைத்துச் சரிபார்க்க வேண்டும். மதிப்பாய்வுக்குப் பிறகு ஒரு பருவத்தின் தரவைத் திருத்தி, அட்டவணையில் 5.5 என்பது 5.4 ஆகியிருக்கும், சுருக்கத்தில் பழைய எண்ணே கிடக்கும். அட்டவணையைத் தொடும் ஒவ்வொரு முறையும் சுருக்கத்தையும் திறந்து பார்க்க வேண்டியிருப்பது அதனால்தான்.