உழவின்போது டிராக்டர் சூடேறினால் செய்யக் கூடாதவை

வெப்பமானியின் முள் சிவப்புப் பகுதியைத் தொட்டதும் ரேடியேட்டரில் தண்ணீரை ஊற்றி, சற்று ஆறவிட்டு மறுபடியும் உழத் தொடங்குவதே நம்மில் பலர் செய்யும் முதல் தவறு. தகடுகளில் அடைப்பு, விசிறி பெல்ட் வழுக்குதல், தெர்மோஸ்டாட் சிக்கிக்கொள்ளுதல், கூலண்ட் குறைதல் ஆகிய நான்கில் எதனாலும் முள் சிவப்புக்கு ஏறலாம். தண்ணீர் ஊற்றுவது நான்காவதற்கு மட்டுமே தற்காலிகமாக உதவும்.

சென்ற சித்திரையில் எங்கள் கரிசல் காட்டில் ரோட்டவேட்டர் ஓட்டியபோது, முக்கால் மணி நேரத்தில் முள் ஏறியது. சாலையில் ஓடும்போது வண்டிக்கு எந்தக் குறையும் இல்லை. உழவில் மட்டுமே சூடேறியது. இந்த வேறுபாடே முதல் தடயம். சுமை கூடும்போது மட்டும் மெல்ல மெல்லச் சூடேறினால், பெரும்பாலும் காற்றோட்டத்தில்தான் கோளாறு இருக்கும். முன்வலையை நாள்தோறும் தட்டிச் சுத்தம் செய்து வந்ததால் ரேடியேட்டரை நான் சந்தேகிக்கவில்லை. மாலையில் எஞ்சின் நன்றாக ஆறிய பின், விசிறிப் பக்கத்திலிருந்து டார்ச் அடித்து முன்புறம் நின்று பார்த்தபோது, மேலே ஒரு கையகலத்தில் மட்டுமே வெளிச்சம் தெரிந்தது. வலையைத் தாண்டிச் சென்ற வைக்கோல் துரும்பும் புழுதியும், எங்கோ கசிந்த எண்ணெயோடு சேர்ந்து, தகடுகளின் இடுக்கில் களிம்புபோல் இறுகியிருந்தன.

இதைச் சுத்தம் செய்வதில்தான் அடுத்த தவறு நேர்கிறது. முன்புறமிருந்து வேகமாகத் தண்ணீர் பீய்ச்சினால் அழுக்கு இன்னும் உள்ளே போகும். மெல்லிய தகடுகளும் மடங்கிக் காற்று செல்லும் வழியை அடைத்துவிடும். காற்று உள்ளே வரும் திசைக்கு எதிராக, அதாவது விசிறிப் பக்கத்திலிருந்து முன்னோக்கி, மிதமான அழுத்தத்தில் காற்றடிக்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் முதலில் சோப்புக் கரைசலைத் தெளித்து ஊறவிட்டு, அதன் பிறகு மெதுவாகக் கழுவ வேண்டும். கசிவை அடைக்காவிட்டால் சில நாள்களில் மீண்டும் அடைத்துக்கொள்ளும்.

விசிறி பெல்ட் வழுக்கினால் அதற்கென்று தனி அடையாளம் உண்டு. பல டிராக்டர்களில் விசிறி, தண்ணீர் பம்பு, ஆல்டர்னேட்டர் ஆகிய மூன்றையும் ஒரே பெல்ட்தான் சுழற்றுகிறது. ஆகவே ஆக்சிலேட்டரைக் கூட்டும்போது கீச்சென்று சத்தம் வந்தாலோ, பேட்டரி விளக்கு எரிந்தாலோ பெல்ட்டைப் பாருங்கள். இரண்டு புல்லிகளுக்கு நடுவே கட்டைவிரலால் அழுத்தினால் ஏறத்தாழ 10 முதல் 15 மில்லிமீட்டர் வரை உள்வாங்குவது பொதுவான அளவு. துல்லியமான அளவு உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும். வழுக்குகிறதே என்று அளவுக்கு மீறி இறுக்கினால் தண்ணீர் பம்பின் பேரிங் தேய்ந்துவிடும். பக்கங்கள் கண்ணாடிபோல் பளபளக்கும் பெல்ட்டை இறுக்கிப் பயனில்லை; மாற்றத்தான் வேண்டும்.

சுமையே இல்லாமல், எஞ்சினை இயக்கிய சில நிமிடங்களிலேயே முள் ஏறினால் தெர்மோஸ்டாட்டைச் சந்தேகிக்கலாம். எஞ்சின் கொதிநிலையை நெருங்கியும் ரேடியேட்டருக்குப் போகும் மேல்குழாய் அவ்வளவாகச் சூடேறாமல் இருப்பது, அது மூடியபடியே சிக்கியிருப்பதன் அடையாளம். கூலண்ட் மிகவும் குறைந்திருந்தாலும் இப்படி இருக்கலாம் என்பதால் முதலில் அளவைப் பாருங்கள். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுவது பரவலான பழக்கம். பல எஞ்சின்களில் அப்படிச் செய்தால், தண்ணீரின் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்குவழியாகவே எஞ்சினுக்குத் திரும்பிவிடும். கழற்றியதை ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடாக்கி, அதன்மேல் பொறித்திருக்கும் வெப்பநிலையில் திறக்கிறதா என்று பாருங்கள்; பல தெர்மோஸ்டாட்டுகள் 82 டிகிரி செல்சியஸை ஒட்டித் திறக்கத் தொடங்கும். திறக்காவிட்டால் அதே எண் கொண்ட புதியதைப் பொருத்துங்கள்.

கூலண்ட் அறவே வற்றிவிட்டால் முள் திடீரென்று கீழே இறங்கவும் கூடும், ஏனெனில் உணரி நீரில் மூழ்காமல் வெறுமையில் நிற்கும். அதைப் பார்த்து வண்டி ஆறிவிட்டது என்று உழவைத் தொடர்ந்தவர்களுக்கு சிலிண்டர் ஹெட் வளைந்திருக்கிறது. பெல்ட் அறுந்திருந்தாலோ கூலண்ட் கொட்டியிருந்தாலோ எஞ்சினை உடனே அணைக்க வேண்டும். மற்ற நேரங்களில் கருவியை மேலே தூக்கி, பி.டி.ஓ.வை விடுவித்து, மூன்று நான்கு நிமிடம் சும்மா ஓடவிட்டு அணைப்பதே சரி. சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் அழுத்தத்தில் இருக்கும் நீர் கொதித்துச் சீறி முகத்தில் அடிக்கும். மேல்குழாயைக் கையால் தாராளமாகப் பிடிக்க முடியும் அளவுக்கு ஆறிய பிறகே, துணியைப் போர்த்தி மூடியைத் திறக்க வேண்டும். உப்பேறிய ஆழ்துளைக் கிணற்று நீரைத் தொடர்ந்து ஊற்றினால் உள்ளே காரை படியும். ஆகவே கையேடு சொல்லும் விகிதத்தில் கூலண்டும் காய்ச்சி வடித்த நீரும் கலந்து ஊற்றி, மூடியைத் திறந்து வைத்தபடி சிறிது நேரம் எஞ்சினை ஓடவிட்டு, காற்றுக் குமிழிகள் நின்றபின் அளவை நிரப்பி மூடுங்கள்.